ஐந்தாவது குழி

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்திருந்த மின்னஞ்சல் மூன்றே வரி. "சார், நேற்று ராக்வெல் சோதனையில் எங்கள் குழுவுக்கு ஐந்தாவது ரீடிங் மட்டும் 47 வந்துவிட்டது. மற்றவை எல்லாம் 54, 55. அந்தத் தப்பான ரீடிங்கை எடுத்துவிட்டு மீதி ஐந்துக்கும் சராசரி போட்டுக்கொள்ளலாமா?"

பொறியியல் கல்லூரியின் உலோகச் சோதனைக் கூடத்தில் பல ஆண்டுகளாக மாணவர்களோடு நிற்கிறேன். ஒவ்வொரு பருவத்திலும் யாராவது இதைக் கேட்பார்கள். கேட்காமலே அழித்துவிடுகிறவர்கள் அவர்களைவிட அதிகம். அப்சர்வேஷன் நோட்டில் ரப்பர் தேய்த்த இடம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். அதனால் கேட்டு எழுதிய அந்த மாணவிமேல் எனக்கு மதிப்பு வந்தது. ஆனால் "சரி" என்று பதில் போடவில்லை. நாலு கேள்விகளை மட்டும் அனுப்பினேன். தப்பு என்று எப்படித் தெரிந்தது? அந்தக் குழி வட்டில் எந்த இடத்தில் இருக்கிறது? அதை எடுக்கும்போது முந்தைய நான்குக்கு இல்லாத ஏதாவது நடந்ததா? அந்த இரும்பு அந்த இடத்தில் உண்மையிலேயே மெதுவாக இருந்தால் என்ன செய்வாய்?

அன்று இரவு வந்த இரண்டாவது மின்னஞ்சலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதைப் புரிந்துகொள்ள அந்த இயந்திரம் என்ன செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

ராக்வெல் சோதனைக்கான காப்புரிமை விண்ணப்பத்தை 1914-இல் ஹியூ ராக்வெல், ஸ்டான்லி ராக்வெல் என்ற இருவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கொடுத்தார்கள். பால் பேரிங் செய்யும் தொழிற்சாலை அது. பேரிங் வளையங்கள் சரியாகக் கடினப்பட்டிருக்கின்றனவா என்று விரைவாகப் பார்த்துச் சொல்ல ஒரு வழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதற்கு முன்பிருந்த பிரினெல் முறையில் உருண்டையை அழுத்தி, பதிந்த குழியின் அகலத்தை உருப்பெருக்கியில் அளக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். ராக்வெல் முறையில் குழியின் அகலத்தை யாரும் பார்ப்பதில்லை. ஊசி எவ்வளவு ஆழம் இறங்கியது என்பதை டயலே சொல்லிவிடும்.

கடினப்படுத்திய எஃகுக்கு 'சி' அளவுகோல். முனை 120 பாகைக் கூம்பு வடிவ வைரம். முதலில் 10 கிலோ பாரம் கொடுத்து முனையை மேற்பரப்பில் உட்காரவைத்து, அங்கே டயலைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுவருவோம். பிறகு மொத்தம் 150 கிலோ ஆகும்படி பாரம் ஏற்றி, சில நொடி நிறுத்தி, மறுபடி 10 கிலோவுக்கு இறக்கி, முள் நிற்கும் எண்ணைப் படிப்போம். ஒவ்வொரு 0.002 மில்லிமீட்டர் நிரந்தர ஆழத்துக்கும் 100-இலிருந்து ஒரு எண் குறையும். ஆழம் கூடினால் எண் குறைவு, அதாவது உலோகம் மெது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ரீடிங் 55 என்றால் முனை இறங்கிய ஆழம் 0.090 மில்லிமீட்டர். 47 என்றால் 0.106 மில்லிமீட்டர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.016 மில்லிமீட்டர்தான். தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. அந்த நாலில் ஒரு பங்கு எங்கே இறங்கியது என்று டயலுக்குத் தெரியாது. வைர முனை எஃகுக்குள் இறங்கினாலும் சரி, அழுத்தத்தில் எஃகு வட்டே கீழே இறங்கினாலும் சரி, முள் ஒரே மாதிரிதான் நகரும். வட்டின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு செதில் 150 கிலோவில் நொறுங்கிப் பொடியானால், அந்த நொறுங்கலையும் இயந்திரம் "எஃகு மெது" என்றே படிக்கும்.

இப்போது அந்தக் கடிதம். மாணவி ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பெயர், எண் நீக்கி, தமிழில் தருகிறேன்.

"மதிப்பிற்குரிய சார்,

பொருள்: ராக்வெல் சோதனை, ஐந்தாவது ரீடிங், மறுசோதனைக்கு அனுமதி கோரி.

நேற்று 850 டிகிரியில் சூடாக்கித் தண்ணீரில் குளிர்வித்த EN8 எஃகு வட்டில் (விட்டம் 25 மி.மீ., கனம் 12 மி.மீ.) எங்கள் குழு எடுத்த ரீடிங்குகள், எடுத்த வரிசையிலேயே: 54.5, 55, 54, 55.5, 47, 54.5. ஆறையும் சேர்த்தால் சராசரி 53.4. ஐந்தாவதை விட்டால் 54.7.

காலையில் அதைத் தப்பான ரீடிங் என்று எழுதினேன். அது தப்பு என்று எனக்குத் தெரியாது. மற்றவற்றோடு ஒட்டவில்லை என்பது மட்டுமே தெரியும்.

வட்டை மறுபடி பார்த்தேன். ஐந்தாவது குழி விளிம்பிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்கிறது. பக்கத்துக் குழிக்கும் அதற்கும் இடையே 4 மி.மீ.க்கு மேல் இருக்கிறது. குழியின் அகலம் அரை மில்லிமீட்டர் அளவுதான் என்பதால் விளிம்போ பக்கத்துக் குழியோ காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். முனையை மாற்றியதும் எடுக்கும் முதல் ரீடிங்கும் இது இல்லை. ஆறாவது ரீடிங் சரியாக வந்ததால் இயந்திரமோ வைர முனையோ கெட்டிருக்க வாய்ப்பு குறைவு.

வட்டின் மேற்புறத்தை எமரி தாளில் தேய்த்தோம். அடிப்புறத்தைத் தேய்க்கவில்லை, கம்பி பிரஷ் மட்டும் போட்டோம். உலையில் படிந்த கரும் படலம் அடியில் திட்டுத்திட்டாக இன்னும் இருக்கிறது. ஐந்தாவது குழிக்கு நேர் கீழே அந்தப் படலம் ஓரிடத்தில் உடைந்திருக்கிறது. அது நொறுங்கியதால் எண் குறைந்திருக்கலாம். ஆனால் குளிர்விக்கும்போது அந்த இடம் சரியாகக் கடினப்படாமல் போயிருக்கவும் கூடும். இரண்டில் எது என்று நேற்றைய ரீடிங்குகளை வைத்துச் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை அரை மணி நேரம் கிடைத்தால் இப்படிச் செய்ய விரும்புகிறோம். ஒன்று, முதலில் சோதனைக் கட்டையில் மூன்று ரீடிங். இரண்டு, அடிப்புறத்தைத் தொடாமல், ஐந்தாவது குழியிலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு ரீடிங். மூன்று, அடிப்புறத்தைத் தேய்த்துத் துடைத்துவிட்டு, அதே குழியைச் சுற்றி 3 மி.மீ. தள்ளி இரண்டு ரீடிங்.

தேய்த்த பிறகும் 50-க்குக் கீழே வந்தால் அந்த இடம் உண்மையிலேயே மெது என்று எடுத்துக்கொண்டு, 47-ஐ முடிவில் சேர்த்து அப்படியே எழுதுவோம். 54-க்குக் குறையாமல் வந்தால் படலம்தான் காரணம் என்று எழுதி, 47-ஐப் பட்டியலில் வைத்துக்கொண்டு சராசரியில் மட்டும் விடுவோம். இடையில் வந்தால் உங்களைக் கேட்போம். மறுசோதனை ஒரு முறைதான் செய்வோம்.

வட்டை யாரும் எடுக்காமல் இருக்க உங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு..."

படித்து முடித்ததும் கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியை மறுபடி படித்தேன். அந்தப் பத்தி இல்லாவிட்டால் இந்தக் கடிதத்தை இங்கே எடுத்து எழுதியிருக்க மாட்டேன். என்ன வந்தால் என்ன சொல்வோம் என்பதை, வருவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

அதன் அருமை எனக்கு வேறோர் இடத்தில் தெரிந்தது. படித்து முடித்த புதிதில் வெப்பப் பதனம் செய்யும் ஒரு சிறு ஆலையில் வேலை பார்த்தேன். பற்சக்கரங்கள் வரும். ஐம்பதுக்கு ஒன்றை எடுத்து ராக்வெல் பார்த்துச் சீட்டில் எழுத வேண்டும். எண் குறைந்தால் மேஸ்திரி, "இன்னொரு தடவை அடிச்சுப் பாருப்பா" என்பார். இன்னொரு தடவையும் குறைந்தால் இன்னொரு தடவை. ஏதாவது ஓரிடத்தில் 55 வரும், அதை எழுதிச் சீட்டைக் கட்டிவிடுவோம். சில மாதம் கழித்து அந்தச் சக்கரங்களில் சில பல் தேய்ந்து திரும்பி வந்தன. மெதுவான திட்டு அவற்றில் முதலிலிருந்தே இருந்தது. நாங்கள் அதைப் பார்த்தும் இருக்கிறோம், மூன்று தடவை. பார்த்ததை எழுதாமல் விட்டோம். நல்ல எண் வரும்வரை நீளும் மறுசோதனைக்கு முடிவில் நல்ல எண் வந்தே தீரும். எஃகைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

அந்த மெதுவான திட்டு எப்படி உண்டாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செந்தணலாக இருக்கும் எஃகைத் தண்ணீரில் போட்டதும் அதைச் சுற்றி நீராவிப் போர்வை எழும். துண்டை அசைத்துக்கொண்டே இருந்தால் போர்வை கிழிந்து தண்ணீர் எஃகைத் தொடும். அசைக்காமல் விட்டால், அல்லது இடுக்கி பிடித்த இடத்தில், போர்வை கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் மெதுவாகக் குளிரும். EN8 போன்ற சாதாரணக் கார்பன் எஃகு அந்தத் தாமதத்தைத் தாங்காது. வேகமாகக் குளிர்ந்தால்தான் கடினமான மார்ட்டென்சைட் கிடைக்கும், தாமதித்தால் அங்கே மெதுவான அமைப்பு உண்டாகிவிடும். ஆகவே ஒரு வட்டில் ஐந்து இடத்தில் 55-ம் ஓரிடத்தில் 47-ம் வருவது நடக்கக்கூடியதுதான். மாணவி இந்தச் சாத்தியத்தைக் கடிதத்தில் விடாமல் வைத்திருந்தார்.

ஒட்டாத எண்ணைக் கண்டால் கணக்குப் போட்டுத் தள்ளிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். அப்படி ஒரு கணக்கு உண்டு. 1951-இல் டீன், டிக்சன் என்ற இருவர் சிறு பட்டியல்களுக்காகச் சொன்ன எளிய வழி அது. விலகிய எண்ணுக்கும் அதற்கு மிக அருகிலுள்ள எண்ணுக்கும் உள்ள இடைவெளியை, பட்டியலின் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். இங்கே 54-இலிருந்து 47 வரை 7. 55.5-இலிருந்து 47 வரை 8.5. வகுத்தால் 0.82. ஆறு ரீடிங் உள்ள பட்டியலுக்கு 95 விழுக்காடு உறுதி வேண்டுமென்றால் அட்டவணை தரும் எல்லை 0.625. நம்முடையது அதைத் தாண்டிவிட்டது. மற்ற ஐந்தும் வந்த வழியில் இந்த 47 வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று இதற்குப் பொருள். ஆனால் அது வேறு எந்த வழியில் வந்தது என்று கணக்குக்குத் தெரியாது. அடியில் செதில் இருந்தாலும் 0.82 தான், எஃகில் மெதுவான திட்டு இருந்தாலும் அதே 0.82 தான். முதலாவது என்றால் தள்ள வேண்டிய எண். இரண்டாவது என்றால் அந்த வட்டைப் பற்றி அந்தப் பட்டியலில் இருக்கும் மிக முக்கியமான எண் அதுதான். மாணவி இந்தக் கணக்கைக் கடிதத்தில் போடவில்லை. போட்டிருந்தால் தவறில்லை, ஆனால் காரணத்தைத் தேடப் போனது அதைவிடப் பயனுள்ள வேலை.

எண் எந்தப் பக்கம் விலகியது என்பதும் துப்புக் கொடுக்கும். குறைந்தால் ஏதோ ஒன்று இடம் கொடுத்திருக்கிறது: அடியில் அழுக்கு, ஆடும் துண்டு, விளிம்பில் பக்கவாட்டாகப் பிதுங்கும் உலோகம், மாற்றிய பிறகு சரியாக உட்காராத வைர முனை, அல்லது மெய்யான மெதுத் திட்டு. கூடினால் பழைய குழியின் ஓரத்தைச் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் குழி விழுந்த இடத்தைச் சுற்றி உலோகம் அமுங்கி இறுகியிருக்கும். இதனால்தான் சந்தேகப்பட்ட குழியிலேயே மறுபடி அடித்துப் பார்ப்பது வீண். குழிக்கும் குழிக்கும் மையத்திலிருந்து மையம் குறைந்தது மூன்று குழி அகலம் வேண்டும், விளிம்பிலிருந்து இரண்டரை அகலம் வேண்டும் என்று விதி இருக்கிறது. மாணவி கேட்ட 3 மில்லிமீட்டர் அதற்குத் தாராளம்.

கடிதத்தில் ஒரு குறை இருந்தது. அடிப்புறம் முழுக்கத் திட்டுத்திட்டாகப் படலம் இருந்தது என்றால் மற்ற ஐந்து ரீடிங்கை மட்டும் எப்படி நம்புவது? 47 கண்ணில் பட்டது, விலகியதால். 54-ம் செதிலால் ஒரு எண் குறைந்து வந்த 55-ஆக இருக்கலாம் அல்லவா? எங்கள் இயந்திரத்தில் வட்டு உட்காரும் ஆன்வில் நடுவில் சிறு வட்டமாக உயர்ந்திருக்கும். குழி விழும் இடத்துக்கு நேர் கீழே உள்ள பகுதி மட்டுமே அதில் தாங்கும். ஒவ்வொரு ரீடிங்குக்கும் அடிப்புறத்தின் வெவ்வேறு பகுதி ஆன்விலில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே பதிலில் எழுதினேன்: "திட்டம் சரிம்மா. நான்காவதாக ஒன்று சேர்த்துக்கொள். தேய்த்த பிறகு வட்டு முழுவதும் பரவலாகப் புதிதாக ஐந்து ரீடிங் எடு. அறிக்கையில் சராசரி அந்த ஐந்துக்குத்தான். ஆன்விலையும் துடை."

புதன்கிழமை மதியம் செய்தோம். சோதனைக் கட்டை என்பது கடினத்தன்மை முன்பே அளந்து முத்திரையிட்ட எஃகுக் கட்டை. எங்களுடையதில் 60.2 என்று பொறித்திருக்கும். மூன்று ரீடிங்கும் 60, 60.5, 60 என்று வந்தன. இயந்திரம்மேல் குறையில்லை. அடிப்புறத்தைத் தொடாமல் எடுத்த ரீடிங் 50.5. அப்போது குழுவில் ஒரு பையன், "அப்போ நிஜமாவே மெதுவா இருக்கு சார்" என்றான். அந்த நேரத்தில் அப்படிச் சொன்னது நியாயம்தான். பிறகு வட்டைத் திருப்பி எமரி தாளில் தேய்த்தார்கள். கருமை போய் வெள்ளை உலோகம் தெரிந்தது. துணியால் துடைத்துவிட்டு, அதே குழியின் மற்ற இரு பக்கங்களிலும் எடுத்த ரீடிங்குகள் 54.5, 55. கடைசியாகப் பரவலாக எடுத்த ஐந்து: 55.5, 55, 54.5, 55, 55. சராசரி 55.0.

முதல் நாளின் 47-ஐ விட்டுக் கிடைத்த 54.7-க்கும் இதற்கும் வித்தியாசம் 0.3. இந்த இயந்திரத்தில் அரை எண்ணுக்குக் கீழே யாரும் நம்பிப் படிக்க முடியாது. ஆக, அந்த மாணவி முதல் மின்னஞ்சலில் கேட்டபடி 47-ஐ அழித்திருந்தாலும் ஏறக்குறைய இதே விடைதான் வந்திருக்கும். அதைக் குழுவிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனால் செவ்வாய்க்கிழமை அது யாருக்கும் தெரியாது. அடிப்புறம் தேய்த்த பிறகும் 48 வந்திருந்தால், அழித்த விடை பொய்யாகியிருக்கும், அதைக் கண்டுபிடிக்க வழியும் இருந்திருக்காது.

இந்த மறுசோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. தேய்க்காமல் எடுத்தது ஒரே ஒரு ரீடிங். அதை வைத்துப் படலம்தான் காரணம் என்று நூற்றுக்கு நூறு சொல்ல முடியாது. அங்கே மெதுவான திட்டு இல்லை என்பதைத்தான் உறுதியாகச் சொல்லலாம். அறிக்கையில் மாணவி அப்படியே எழுதினார்: "ஐந்தாவது ரீடிங் குறைந்ததற்கு அடிப்புறப் படலம் காரணமாக இருக்கலாம். அதே இடத்தைச் சுற்றி, சுத்தம் செய்த பிறகு எடுத்த ரீடிங்குகளில் மெது இல்லை." அப்சர்வேஷன் நோட்டில் 47 அழிக்கப்படவில்லை. அதன்மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் தேதியும் சுருக்கொப்பமும், கீழே மறுசோதனைப் பக்கத்தின் எண். கோட்டின் கீழே 47 தெளிவாகப் படிக்க முடிகிறது.

சோதனைக் கூடம் நடத்தும் சக ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த மறுசோதனை நடந்ததே, மாணவி அந்த வட்டை எடுத்து இழுப்பறையில் வைத்ததால்தான். பெரும்பாலான கூடங்களில் வகுப்பு முடிந்ததும் துண்டுகளை ஒரே தட்டில் கொட்டிவிடுகிறோம், அடுத்த குழு அதைத் தேய்த்து மறுபடி அடிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும் குழு எண்ணை எழுதி, குழிகளுக்கு எடுத்த வரிசையில் எண் போட்டு, அறிக்கை திருத்தி முடியும் வரை அடிப்புறத்தைத் தேய்க்காமல் எடுத்து வையுங்கள்.